தாயும் சேயும் நலம்

இரண்டு மாதம் முன்னால் ஒரு புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "பெண் குழந்தை. 2.9 கிலோ. தாயும் சேயும் நலம்." போட்டவர் என் தோழியின் கணவர். பல் தேய்த்து முடிப்பதற்குள் நாற்பது பதில்கள். "நார்மலா, சிசேரியனா?" "யாரு ஜாடை?" "போட்டோ எங்கே?" "பால் இருக்கா?" அப்புறம் அந்த வழக்கமான ஒன்று: "மகாலட்சுமி வந்துட்டா, அடுத்தது சிங்கக்குட்டி!" வாழ்த்து மாதிரி தெரிந்தாலும் அது துக்கம் விசாரிப்பதுதான். இதைச் சொன்னதற்காக அந்தக் குழுவில் இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. சரி, போகட்டும்.

என் மகன் பிறந்து மூன்று வருடம் ஆகிறது. அறுவை சிகிச்சைதான். மூன்றாம் நாள் ராத்திரி தையல் வலியோடு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு "தேங்க்ஸ் அத்தை", "தேங்க்ஸ்டா", "ஆமா, அவங்க அப்பா மூக்கு" என்று பதில் போட்டுக்கொண்டே அழுதுகொண்டிருந்தேன். ஏன் அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பதில் போடாவிட்டால் "குழந்தை வந்ததும் மறந்துட்டா" என்பார்கள் என்ற பயம் மட்டும் இருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். பசியாற்றி, தோளில் போட்டு ஏப்பம் எடுக்கவைத்து, துணி மாற்றித் தூங்கப்போட முக்கால் மணி நேரம் ஆகிவிடும். அடுத்த அழுகைக்கு முன் மிஞ்சுவது சுமார் ஒன்றரை மணி நேரம். அதற்குள்தான் குளியல், சாப்பாடு, மாத்திரை, தூக்கம் எல்லாம். நாம் அனுப்பும் ஒவ்வொரு கேள்விக்குறியும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் பங்கு கேட்கிறது.

எல்லாக் கேள்வியிலும் மோசமானது "பால் இருக்கா?" என்பதுதான். முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, சில சொட்டுகள்தான் இருக்கும். அந்த வயிற்றுக்கு அது போதும். மார்பு கனத்துப் பால் கட்டுவது பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். அறுவை சிகிச்சை என்றால் இன்னும் ஒரு நாள் தள்ளிப்போகலாம். குழந்தையின் எடையும் முதல் சில நாளில் கொஞ்சம் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். இது தெரியாத ஒருத்தியிடம் இரண்டாம் நாளே பத்துப் பேர் "பால் இருக்கா" என்று கேட்டால் அவள் தன் உடம்பையே சந்தேகப்பட ஆரம்பிப்பாள். பால் போதுகிறதா என்று பார்க்க வேறு வழி இருக்கிறது. ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அது வீட்டில் இருப்பவர்களும் மருத்துவரும் பார்க்க வேண்டியது. வாட்ஸ்அப்பில் விசாரிக்க வேண்டியது இல்லை.

அதனால் தோழிக்கு என்ன எழுதலாம் என்று அன்றைக்குக் கொஞ்சம் மெனக்கெட்டேன். முதலில் அடித்தது: "வாழ்த்துகள்டீ! எப்படி இருக்க? எதுவும் வேணும்னா கூச்சப்படாம கேளு." படித்துப் பார்த்து அழித்துவிட்டேன். "எப்படி இருக்க" என்பதற்கு அவளால் உண்மையான பதில் எழுத முடியாது. "எதுவும் வேணும்னா கேளு" என்பதில் வேலை முழுக்க அவள் தலையில்தான் விழுகிறது. என்ன வேண்டும் என்று யோசித்து, இவளிடம் எதைக் கேட்கலாம் என்று அளந்து, கூச்சத்தை விட்டுக் கேட்க வேண்டும். என்னையும் அப்படி முப்பது பேர் கேட்டார்கள். ஒருவரிடமும் நான் எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் அனுப்பியது இது:

"பாப்பா வந்தாச்சு! ரொம்ப ரொம்ப சந்தோஷம்டீ. பத்து மாசம் சுமந்து பெத்திருக்க, இப்போ நீ படுத்துக் கெடக்குறதுதான் வேலை. இதுக்குப் பதில் போடாத. போட்டோவும் அனுப்பாத, அப்புறம் பாத்துக்கலாம். ஞாயித்துக்கிழமை மதியம் 12 மணிக்கு வீட்டு ஆளுங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து அண்ணாகிட்ட வாசல்லயே கொடுத்துட்டுப் போயிடுவேன். உள்ள வரமாட்டேன். வேண்டாம்னா அண்ணா 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை போட்டா போதும்."

'வீட்டு ஆளுங்களுக்கு' என்று சும்மா போடவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு நடந்துகொண்டிருக்கும். பூண்டுக் குழம்பு, பால் சுறா புட்டு, லேகியம் என்று அவளுடைய அம்மா ஒரு கணக்கு வைத்திருப்பார். அதில் நாம் போய் பிரியாணியோடு தலையிட்டால் சண்டைதான் வரும். ஆனால் அந்த அம்மா என்ன சாப்பிடுகிறார்? தோழியின் கணவர்? பெரும்பாலும் முதல் நாள் ரசமும் கடையில் வாங்கிய பரோட்டாவும்தான். அவர்களுக்கு ஒரு வேளை சாம்பார், கூட்டு, அப்பளம் போனால் அந்த மதியம் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து குழந்தையை வாங்கிக்கொள்வார், இவள் தூங்குவாள்.

இன்னொன்று, பாத்திரம். நம் ஊரில் காலிப் பாத்திரத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். எதையாவது போட்டுத்தான் தருவார்கள். எவர்சில்வர் தூக்கில் கொண்டுபோனால் அவர்களுக்கு இன்னொரு வேலை. அதனால் வீட்டில் சேர்ந்து கிடந்த பிளாஸ்டிக் டப்பாக்களில் கொண்டுபோனேன்.

உள்ளே போகாததற்கு என் அம்மாவே கோபித்துக்கொண்டார். "குழந்தையப் பாக்காம வர்றதா?" அந்தக் காலத்துத் தீட்டு எனக்கு ஒப்பாது. ஆனால் பதினாறு நாள் ஊராரை வாசலில் நிறுத்தியதில் பச்சை உடம்புக்காரிக்கு ஓய்வு கிடைத்தது என்பதை மறுக்கவும் முடியவில்லை.

இரண்டாவது செய்தியைப் பதினெட்டாம் நாள் அனுப்பினேன். என்னைக் கேட்டால் முதல் செய்தியைவிட இதுதான் முக்கியம். அதற்குள் குழு அடங்கியிருக்கும், கணவர் வேலைக்குப் போயிருப்பார். மூன்றாம் நான்காம் நாள் வரும் காரணமில்லாத அழுகை, பிரசவத்துக்குப் பின் ஹார்மோன்கள் சடாரென்று இறங்குவதால் பலருக்கும் வருவது. வழக்கமாக இரண்டு வாரத்தில் விட்டுவிடும். அதற்கு மேலும் நீடித்தால் அது வேறு விஷயம். இந்தத் தடவை நானே ஒரு கேள்வி கேட்டேன், ஒன்றே ஒன்று: "பாப்பா தூங்குறப்போ உனக்குத் தூக்கம் வருதா?" நேரமில்லாமல் தூங்காதது வேறு. நேரம் கிடைத்தும் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பதோடு மனமும் இருண்டே இருந்தால், 'நான் இல்லாவிட்டால் நல்லது' என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அப்பாக்களுக்கும் இந்தச் சோர்வு வரும். அதனால் அண்ணாவுக்கும் தனியாக ஒரு வரி போட்டேன்: "நீங்க சாப்பிட்டீங்களாண்ணா?"

அவளிடமிருந்து மறுநாள் விடிகாலை 4.10க்குப் பதில் வந்தது. "வருது. படுத்தா செத்த பொணம் மாதிரி தூங்குறேன். ஆனா இதை யாருமே கேக்கலடீ." அண்ணா பதில் போடவில்லை. அடுத்த வாரம் அலுவலகம் போகிற வழியில் வாசலில் வந்து நின்றார். கையில் என் பழைய பிளாஸ்டிக் டப்பாக்கள், கழுவித் துடைத்து. மேலே இருந்ததில் ஒரு பிடி சர்க்கரை.