சராசரிக் குடும்பம் என்று ஒன்று எங்கள் ஊரில் இல்லை

எங்கள் ஊர்க் கோயில் திருப்பணிக்குத் தலைக்கட்டு வரி எழுதுகிறார்கள். ஊரில் 40 தலைக்கட்டு. வேண்டிய தொகை 4 லட்சம். ஆளுக்குப் பத்தாயிரம் என்று வகுத்துவிட்டார்கள். இதில் எனக்குப் பெரிய வியப்பு இல்லை. தலைக்கட்டு வரி எப்போதும் அப்படித்தான் போடப்படுகிறது. ஆனால் இந்த முறை குழுவில் படித்த பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வீடு வீடாக வருமானம் கேட்டு நோட்டில் எழுதி, கூட்டி, 40-ஆல் வகுத்து, "ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 46,250 ரூபாய். பத்தாயிரம் என்பது அதில் கால் பங்குகூட இல்லை" என்று அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வாய் திறந்தவர்களைக் கஞ்சர்கள் போலப் பார்த்தார்கள்.

பள்ளியில் புள்ளியியல் நடத்துகிறவள் என்பதால் நோட்டை வாங்கிப் பார்த்தேன். கூட்டலில் பிழை இல்லை, வகுத்தலிலும் பிழை இல்லை. "கணக்கு சரியாகத்தானே இருக்கிறது, அம்மணி?" என்று பொருளாளர் பெரியப்பா கேட்டார். கணக்கு சரிதான் பெரியப்பா, கேள்விதான் வேறு என்றேன். அதை இங்கே விரிவாக எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காண முடியாதபடி எண்களைச் சற்று மாற்றி, பத்தாயிரம் பத்தாயிரமாகப் பிரித்திருக்கிறேன்.

பத்தாயிரத்துக்குள் வருமானம் உள்ள குடும்பங்கள் 5. பிள்ளைகள் வெளியூர் போய்விட, உதவித்தொகையிலும் ஆட்டுப்பட்டியிலும் காலம் தள்ளும் வயதானவர்கள் இவர்கள். 10 முதல் 20 ஆயிரம் வரை 13 குடும்பங்கள். பெரும்பாலும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்ச் சனிக்கிழமை வாரக்கூலி வாங்குகிறவர்கள். 20 முதல் 30 வரை 9, 30 முதல் 40 வரை 5, 40 முதல் 50 வரை 3. பிறகு ஐம்பதுகளில் ஒன்று, அறுபதுகளில் ஒன்று, எழுபதுகளில் ஒன்று. இதோடு 38 ஆயிற்று. மீதி இரண்டு: கோழிப்பண்ணைகள் வைத்திருக்கும் குடும்பத்துக்கு மாதம் 3 லட்சம், பின்னலாடை ஏற்றுமதி செய்யும் குடும்பத்துக்கு 6 லட்சம்.

இதை நிகழ்வுச் செவ்வகப் படமாக, அதாவது பிரிவுக்கு ஒரு செவ்வகம், குடும்பங்களின் எண்ணிக்கையே அதன் உயரம் என்று வரைந்து பாருங்கள். கிடை அச்சில் பத்தாயிரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் முதல் 38 குடும்பங்களும் 8 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்கு அப்பால் வெறும் தாள். 30-ஆவது சென்டிமீட்டரில் ஒரு குட்டிச் செவ்வகம், மறுபடி வெறும் தாள், 60-ஆவது சென்டிமீட்டரில் இன்னொன்று. மூன்று வரைபடத் தாள்களை ஒட்டினால்தான் படம் முடியும். நான் ஒட்டித்தான் வரைந்தேன். வலது பக்கம் இப்படி வால் நீண்டு கிடப்பதைத்தான் நேர்க்கோட்டம் என்கிறோம். குடும்ப வருமானத்தைப் பொறுத்தவரை எந்த ஊரில் வரைந்தாலும் அநேகமாக இந்த வடிவம்தான் வரும். ஏனென்றால் கீழே பூச்சியம் என்று ஒரு தரை இருக்கிறது. மேலே கூரை இல்லை.

குழுவின் பையன்களும் ஒரு படம் போட்டிருந்தார்கள். அதில் கடைசிப் பிரிவு "80 ஆயிரத்துக்கு மேல்: 2" என்று எழுபதுகளின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு, மற்றவற்றின் அதே அகலத்தில் நிற்கிறது. வால் மொத்தமும் அந்த ஒரு செவ்வகத்துக்குள் மடித்து வைக்கப்பட்டுவிட்டது. பார்க்கிறவருக்கு ஊரே ஓரளவு சமமாக வாழ்வதாகத் தோன்றும். கோட்டமுள்ள எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இந்த "அதற்கு மேல்" பிரிவைத்தான். அந்தப் படத்தை மட்டும் கையில் கொடுத்தால் யாராலும் சராசரியைக் கணக்கிட முடியாது. அந்த இருவரின் வருமானம் எவ்வளவு என்று படம் சொல்வதில்லை. வரிசையின் நடுவில் வரும் இடைநிலையையும், அதிகம் பேர் குவிந்திருக்கும் இடமான முகட்டையும் மட்டும் தடையில்லாமல் கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது முகடு, இடைநிலை, சராசரி என்ற மூன்று அளவைகளையும் என் நீளப் படத்தில் குறிப்போம்.

மிக உயரமான செவ்வகம் 10–20 ஆயிரம். முகடு அதற்குள் இருக்கிறது. பாடப்புத்தகச் சூத்திரத்தில் போட்டால் சுமார் 16,700. எல்லோரையும் வருமான வரிசையில் நிற்க வைத்தால் 20-ஆவது, 21-ஆவது குடும்பங்களுக்கு நடுவில் வருவது இடைநிலை அளவு. முதல் இரண்டு செவ்வகங்களில் 18 குடும்பங்கள் முடிந்துவிடுவதால் அது மூன்றாவது செவ்வகத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது, சுமார் 22,200. சராசரியோ 46,250. 40 குடும்பங்களில் 32 உறுதியாக அதற்குக் கீழே இருக்கின்றன. சராசரிக்கு அக்கம்பக்கத்தில், அதாவது 40–50 செவ்வகத்தில், மூன்றே மூன்று குடும்பங்கள். ஊரின் பெயரால் பேசிய அந்த எண்ணுக்குச் சொந்தமாக ஊரில் ஆள் இல்லை.

சராசரி ஏன் அங்கே போய் நிற்கிறது என்பதைப் படத்தை வெட்டிப் பார்த்தால் கையாலேயே உணரலாம். தடித்த அட்டையில் வரைந்து, குடும்பத்துக்கு ஒரு சதுரமாக வெட்டுங்கள். நீளமான மரச்சட்டம் ஒன்றில் அவரவர் இடத்தில் ஒட்டி, சட்டத்தைப் பென்சில் மேல் வையுங்கள். (சட்டத்தின் எடை குறுக்கே வராதபடி அது மிக மெல்லியதாக இருக்க வேண்டும்.) அது சாயாமல் நிற்கும் புள்ளிதான் சராசரி. இடப்பக்கம் குவிந்து கிடக்கும் கூட்டத்தை வலக்கோடியில் இருக்கும் இரண்டு சதுரங்கள் தனியாக இழுத்துப் பிடிக்கின்றன. அவை இரண்டும் சராசரியிலிருந்து விலகி நிற்கும் தூரத்தைக் கூட்டினால் 8,07,500. மீதி 38 குடும்பங்களின் நிகரப் பற்றாக்குறையும் அதே 8,07,500. இடைநிலைக்குத் தூரம் பொருட்டல்ல, தலைகளை மட்டும் எண்ணுகிறது. அதனால் அது கூட்டத்தை விட்டு நகர்வதில்லை.

அந்த இரண்டு வீடுகளும் கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மீதி 38 பேரின் சராசரி ஒரேயடியாக 25,000-க்கு இறங்கிவிடும். இடைநிலை 21,100 ஆகும், ஆயிரத்துச் சொச்சம்தான் குறையும். முகடு அசையாது. இருக்கிறவர்களில் ஒருவர் வருமானமும் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் ஊர் பாதி ஏழையாகிவிட்டது என்று சராசரி சொல்லும்.

மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முகடு என்பது ஏறத்தாழ மூன்று மடங்கு இடைநிலையிலிருந்து இரண்டு மடங்கு சராசரியைக் கழித்தது என்ற தொடர்பை நாமெல்லாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். கார்ல் பியர்சன் பெயரில் வழங்கும் அனுபவ விதி அது. எங்கள் ஊருக்குப் போட்டுப் பார்த்தால் 66,600-லிருந்து 92,500 கழிகிறது. ஊரில் அதிகம் பேர் வாங்கும் வருமானம் மைனஸ் 25,900 ரூபாய்! அந்த இரு வீடுகளை நீக்கிவிட்டுப் போட்டால் சுமார் 13,300 வருகிறது; உண்மையான முகட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில். இந்த விதி மெல்லக் கோணிய படங்களுக்கு மட்டும் உரியது. தேர்வில் மதிப்பெண் வாங்கித் தருகிறது என்பதற்காக அதை வருமானக் கணக்கில் நுழைக்கக் கூடாது.

இன்னொரு சங்கதி. வருமானம் கேட்டு நோட்டோடு போகிறவர்களிடம் கூலிக்காரர் வாரச் சம்பளத்தை அப்படியே சொல்லிவிடுவார். மஞ்சள் போட்டவர், வருடத்துக்கு ஒரு முறை வரும் பணத்தை மாதக் கணக்கில் எப்படிச் சொல்வது என்று குழம்புவார். வசதியானவரோ "ஏதோ ஓடுகிறது" என்பார். அதை நம்பி ஏற்றுமதிக் குடும்பத்துக்கு 6 லட்சத்துக்குப் பதில் ஒரு லட்சம் என்று எழுதியிருந்தால் சராசரி 33,750 ஆகியிருக்கும். ஒரே ஒருவரின் அடக்கத்தால் ஊர்ச் சராசரியில் 12,500 ரூபாய் காணாமல் போகும். இடைநிலை அப்போதும் அதே 22,200-தான், அவர் எப்படியும் வரிசையின் கடைசி இருவரில் ஒருவராகத்தானே நிற்கிறார். மேல்தட்டின் வருமானம் சரியாகத் தெரியாத ஊரில், அதாவது எல்லா ஊரிலும், இடைநிலையை முதலில் சொல்லுங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஆனால் சராசரியே ஏமாற்று வேலை என்று கிளம்புகிறவர்களோடும் நான் சேர மாட்டேன். ஊர் மொத்தமாக எவ்வளவு சம்பாதிக்கிறது, 4 லட்சம் திரட்டும் சக்தி ஊருக்கு இருக்கிறதா என்பது கேள்வியானால் சராசரிதான் பதில் சொல்லும். 46,250-ஐ 40-ஆல் பெருக்கினால் 18.5 லட்சம், அப்படியே மொத்த வருமானம். இடைநிலையை 40-ஆல் பெருக்கினால் 8.88 லட்சம் வரும்; அது எதனுடைய தொகையும் அல்ல. இடைநிலைக்கும் குருட்டுப் பக்கம் உண்டு. அடியில் இருக்கும் ஐந்து வயதான குடும்பங்களின் வருமானம் பாதியானாலும் அது கண்டுகொள்ளாது. முகடோ செவ்வகத்தின் விளிம்பை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நம் ஆட்கள் முழு எண்ணாகச் சொல்கிறவர்கள். சரியாக 20,000 என்று சொன்ன நான்கு பேரை இந்தப் பக்கச் செவ்வகத்தில் போட்டால் 13 என்பது 17 ஆகிவிடும்.

குழு கேட்டது மொத்தத்தைப் பற்றிய கேள்வி அல்ல. ஒரு குடும்பத்தால் பத்தாயிரம் தர முடியுமா என்ற கேள்வி. இடைநிலைக் குடும்பத்துக்கு அது மாத வருமானத்தில் 45 சதவீதம், முகட்டில் இருக்கும் பனியன் கம்பெனிக் குடும்பத்துக்கு 60 சதவீதம். "கால் பங்குகூட இல்லை" என்பது ஏறத்தாழ எட்டு வீடுகளுக்குத்தான் பொருந்தும்.

படத்தைப் பார்த்து நான் எழுதிக் கொடுத்த மாற்று இது: 20 ஆயிரத்துக்குக் கீழுள்ள 18 குடும்பங்கள் ஆளுக்கு 3,000, 20 முதல் 40 வரையிலான 14 குடும்பங்கள் 6,000, 40 முதல் 80 வரையிலான 6 குடும்பங்கள் 12,000, பண்ணை வீடு 70,000, ஏற்றுமதி வீடு 1,20,000. கூட்டினால் சரியாக 4 லட்சம்.

பணக்கார வீடுகள் இரண்டும் தலையாட்டிவிட்டன. தடுத்தது நான் எதிர்பார்க்காத இடம். மூவாயிரம் பட்டியலில் இருந்த ஒரு அக்கா கூட்டத்திலேயே எழுந்து, "எங்கள் வீட்டுக்கும் பத்தாயிரமே எழுதுங்கள், தவணையில் தருகிறோம். வரி குறைந்தால் நாளைக்குக் கோயிலில் உரிமையும் குறைந்துவிடும்" என்றார். அதை ஆமோதித்து இன்னும் சில வீடுகள் கை தூக்கின. இதற்கு என் மூன்று தாள் படத்தில் பதில் இல்லை. அடுத்த கூட்டம் அமாவாசைக்குப் பிறகு வைத்திருக்கிறார்கள். தொகை எதுவானாலும் ரசீதிலும் கல்வெட்டிலும் "ஒரு தலைக்கட்டு" என்று மட்டும் பொறிக்க வேண்டும் என்று கேட்கப் போகிறேன்.