பாஸ்வேர்டு மாத்தினா போதுமா?

தொண்ணூறு நாளுக்கொரு முறை ஆபீஸ் மெயிலுக்குப் பாஸ்வேர்டு மாத்தணுமாம். வெப்ல மாத்துறது ஒரு நிமிஷ வேலை. அதுக்கப்புறம்தான் ஏழரை ஆரம்பம்.

போன்ல புதுசைப் போட்டாச்சு, மெயில் வருது. அனுப்பினா மட்டும் அவுட்பாக்ஸ்லயே குந்திக்குது, 535-ன்னு ஒரு எரர் வேற. காரணம், மெயில் வாங்குறது IMAP, அனுப்புறது SMTP. சில ஆப்ல ரெண்டுக்கும் பாஸ்வேர்டு தனித்தனியா சேமிச்சிருக்கும். அந்த 'அவுட்கோயிங் சர்வர்' பக்கத்தை எந்த மூலையில ஒளிச்சு வச்சிருக்கான்னு தேடணும்.

இதைவிடக் கொடுமை, வீட்ல பசங்க கார்ட்டூன் பாக்குற பழைய டேப்லெட். அது பாட்டுக்குப் பழைய பாஸ்வேர்டை வச்சு சில நிமிஷத்துக்கொரு தரம் கதவைத் தட்டிக்கிட்டே இருக்கும். சர்வர் யாரோ திருடன்னு நினைச்சு அக்கவுண்டையே பூட்டிடும். அப்புறம் சரியான பாஸ்வேர்டை அடிச்சாலும் 'தவறு'ங்கும். கொஞ்ச நேரத்துல தானா திறக்கும், மறுபடி பூட்டிக்கும். இப்படித் திறந்து திறந்து பூட்டினா, எங்கயோ ஒரு பழைய கருவி உயிரோட இருக்குன்னு அர்த்தம்.

இப்பல்லாம் மாத்துறதுக்கு முன்னாடியே வீட்ல இருக்குற எல்லாத்துலயும் அந்த அக்கவுண்டோட சிங்க்கை அணைச்சிடறேன். மாத்தினதும் ஒவ்வொண்ணா திறக்கணும். ஒரு பாஸ்வேர்டுக்கு அரை நாள் லீவு போடணும் போல!