கடன் பட்டது அவர்கள், கூசி நிற்பது நானா?

தவணை முடிந்து நாற்பத்திரண்டு நாளுக்கு மேல். என் காசு 138,000 ரூபா இன்னொருவர் கையில் இருக்கிறது. அதைக் கேட்டு நான் எழுதிய முதல் கடிதத்தின் முதல் வரி இது: "தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும்." ஏன் அப்படி எழுதினேன்? இன்று அதை எடுத்து வாசிக்க எனக்கே பற்றி எரிகிறது.

மட்டக்களப்பில் சின்ன அச்சகம் ஒன்று வைத்திருக்கிறேன். கல்லடிப் பக்கம் உள்ள ஒரு தனியார் கல்வி நிறுவனத்துக்கு மாதிரி வினாப் புத்தகம் 1,200 அடித்துக் கொடுத்தேன். ஒன்று 165 ரூபா, மொத்தம் 198,000. முற்பணமாக 60,000 தந்தார்கள். கடதாசிக் கடையில் எனக்குக் கடன் கிடையாது, காசை வைத்தால்தான் கட்டு வெளியே வரும். மனைவியின் காப்பு இரண்டை அடகு வைத்துத்தான் மீதிக் கடதாசியை எடுத்தேன். இரண்டு இரவு பொடியன்களோடு நானும் இருந்து புத்தகங்களுக்குப் பின் அடித்து, சொன்ன நாளில் இறக்கினேன். யூன் 3 இன்வொய்ஸ். மூன்று கிழமை தவணை, யூன் 24 கடைசி நாள். புத்தகம் பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்து அதற்கான காசும் அவர்களுக்கு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

கோல் எடுத்தால், "சேர் வெளிய போயிட்டார்." நேரில் போனால், "கணக்குப் பார்க்கிற அக்கா லீவு." பதினொரு தடவை எடுத்திருக்கிறேன், கொப்பியில் திகதியோடு எழுதி வைத்திருக்கிறேன். யூலை நடுவில்தான் அந்த முதல் கடிதத்தை அனுப்பினேன். அதில் பணிவு இருந்தது, வேறு ஒன்றுமே இல்லை. எவ்வளவு காசு என்று எழுதவில்லை. இன்வொய்ஸ் இலக்கம் இல்லை. எந்த நாளைக்குள் தர வேண்டும் என்றும் இல்லை. "தங்களுக்கு வசதியான நேரத்தில்" என்று வேறு முடித்திருந்தேன். அவர்களுக்கு வசதியான நேரம் எப்போது வரும்? அப்படி எழுதிக் கொடுத்தால் யார் தருவார்? பதில் வரவில்லை. அடுத்த முறை நேரில் போனபோது அந்த அக்கா, "இன்வொய்ஸ் எங்களுக்குக் கிடைக்கவே இல்லையே" என்றார். எனக்குக் கை நடுங்கியது. பொருள் இறக்கியபோது அவர்களின் ஸ்டோர் ஆள் கையெழுத்துப் போட்ட விநியோகச் சீட்டு என்னிடம் இருக்கிறது. அதோடு ஒரே உறையில்தான் இன்வொய்ஸையும் கொடுத்தேன்.

எங்கள் ஆட்கள் மரியாதையாக எழுதுவது என்றால் குனிந்து எழுதுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். மரியாதை என்பது ஏசாமல், குத்திக் காட்டாமல் எழுதுவது. தொகையை மறைப்பது மரியாதை இல்லை. ஓகஸ்ட் 5 இரவு உட்கார்ந்து திரும்ப எழுதினேன். இந்த முறை இப்படி:

"ஐயா, இன்வொய்ஸ் இல. 0417, திகதி யூன் 3. மாதிரி வினாப் புத்தகம் 1,200 பிரதிகள். மொத்தம் ரூபா 198,000. பெற்ற முற்பணம் ரூபா 60,000. மீதி ரூபா 138,000. இது யூன் 24க்குள் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். இன்றுடன் 42 நாட்கள் கடந்துள்ளன. இன்வொய்ஸின் பிரதியையும் தங்கள் ஊழியர் கையொப்பமிட்ட விநியோகச் சீட்டின் பிரதியையும் இணைத்துள்ளேன். பொருளிலோ பில்லிலோ குறை இருந்தால் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் அறியத்தாருங்கள். இல்லையெனில் மீதியை ஓகஸ்ட் 19க்குள் கீழுள்ள கணக்கில் வைப்பிலிடுங்கள். அன்று இயலாவிட்டால், செலுத்தும் திகதியைக் குறிப்பிட்டு, கையொப்பமிட்டுப் பதில் தாருங்கள். ஏற்கெனவே செலுத்தியிருந்தால் வங்கிச் சீட்டின் பிரதியை அனுப்பி உதவுங்கள். நன்றி."

அவ்வளவுதான். கீழே வங்கி, கிளை, கணக்கு இலக்கம். இதில் ஒரு கடுஞ்சொல் உண்டா? இல்லை. அதே நேரம் நழுவ ஒரு ஓட்டையும் இல்லை. பிரதிகளை இணைத்த பிறகு 'கிடைக்கவில்லை' என்று சொல்ல முடியாது. குறை இருந்தால் ஏழு நாளில் சொல் என்று ஏன் கேட்டேன் தெரியுமா? போன வருடம் வேறொரு ஆள் மூன்று மாதம் இழுத்துவிட்டு, "மை பரவியிருந்தது" என்று சொல்லிப் பாதிக் காசைத்தான் தந்தார். அந்த மூன்று மாதமும் மை பரவாமலா இருந்தது?

வட்டி கேட்கவில்லை. கேட்கத்தான் மனம் துடித்தது, அடகுக்கு நான் கட்டுகிறேனே. ஆனால் கொட்டேஷனில் பிந்தினால் வட்டி என்று நான் எழுதியிருக்கவில்லை. ஒத்துக்கொள்ளாத ஒன்றைக் கடிதத்தில் புதிதாகச் சேர்த்தால் அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள், மீதி 138,000 பின்னால் போய்விடும்.

கையெழுத்தோடு பதில் கேட்கும் விஷயம் எனக்குப் பக்கத்துக் கடை அண்ணர் சொல்லித் தெரிந்தது. பிறகு சட்டத்தரணி ஒருவரிடமும் கேட்டேன். வழக்குப் போடும் காலக்கெடுவைச் சொல்லும் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்று நம் நாட்டில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. விற்றுக் கொடுத்த பொருளுக்கும், கடைப் பில்லுக்கும், செய்த வேலைக்கும் காசு தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடம்தான். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் காலம் கூட. ஒப்பந்தம் எழுதி வைத்துப் புத்தகம் அடிக்கிற அச்சகக்காரர் எங்கள் ஊரில் எத்தனை பேர்? ஒரு வருடம் கடந்தால் கடன் பட்டவர் அதைச் சொல்லியே வழக்கைத் தள்ளச் செய்யலாம். கடன் உண்டு என்று அவரே எழுதிக் கையெழுத்து வைத்தால் அந்தக் கணக்கு மாறும். வாயால் "தாறன் தாறன்" என்று நூறு தடவை சொன்னாலும் இதற்கு உதவாது. நாம் "பாவம், இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று இருக்கிற ஒவ்வொரு மாதமும் நம் கையிலிருந்துதான் குறைகிறது. இதை எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை என்பதுதான் ஆத்திரம்.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டேன், பற்றுச்சீட்டு கோவையில் இருக்கிறது. மூன்றாம் நாள், பதினொரு கோலுக்கும் வெளியே போயிருந்த சேர் தானாக எடுத்தார்.

"என்ன தம்பி இது, பதிவுத் தபால் எல்லாம் போட்டுக்கிட்டு? ஒரு கோல் எடுத்திருந்தா முடிஞ்சிருக்குமே. நாம பழகின ஆக்கள் இல்லையா?"

பழகின ஆட்கள்! பழகியதால்தான் முழுக் காசையும் முன்னுக்குக் கேட்காமல் வேலை செய்தேன். என் பிள்ளையின் டியூஷன் காசு இரண்டு கிழமை பிந்தினால் இவர்கள் விடுவார்களா? நான் குரலை உயர்த்தவில்லை. "சேர், திகதியை எழுத்தில் தாங்க" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு பேரிடம் நான் மரியாதை தெரியாதவன் என்று சொல்லியிருக்கிறார், அது என் காதுக்கும் வந்தது.

ஆனாலும் நேற்று ஒரு பொடியன் கடிதம் கொண்டுவந்து கொடுத்தான். நிறுவனத்தின் தலைப்புத் தாள். "இன்வொய்ஸ் 0417க்கான மீதி ரூபா 138,000ஐ ஓகஸ்ட் 28க்குள் செலுத்துவோம்." கீழே கையெழுத்து, ரப்பர் முத்திரை. காசு இன்னும் வரவில்லை. 28ஆம் திகதி பின்னேரம் கணக்கில் விழாவிட்டால், 29 காலை இந்தக் கோவையை அப்படியே கொண்டுபோய்ச் சட்டத்தரணியின் மேசையில் வைப்பேன்.