ரீச்சைக் கொடுத்தால் பிளைவுட் கிடைக்குமா?

கோவையில் மாடுலர் கிச்சன் செய்து தரும் ஒருவருக்கு இரண்டு வருடமாக விளம்பர வேலை பார்க்கிறேன். முதல் மாதம் பதினெட்டுப் பக்க ரிப்போர்ட்டோடு போய் நின்றேன். இத்தனை போஸ்ட், இத்தனை ரீல், எத்தனை பேர் கண்ணில் பட்டது என்கிற ரீச் இவ்வளவு என்று கலர் கலராகப் படம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு பக்கம் புரட்டினார். "தம்பி, இந்த ரீச்சை எடுத்துட்டுப் போயி பிளைவுட் கடையில குடுத்தா சரக்கு தருவாங்களா?"

அன்றைக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தப் பதினெட்டுப் பக்கமும் நான் சும்மா இருக்கவில்லை என்று காட்டத்தான். அவர் காசு என்ன ஆனது என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

இப்போது ரிப்போர்ட் ஒரே பக்கம். அது தொடங்குவது அவருடைய பில் புக்கில். மாதம் பிறந்து ஐந்தாம் தேதி அவர் கடைக் கணக்குப்பிள்ளையோடு உட்காருவேன். விளம்பரத்தில் வந்த போன் நம்பர்களையும் அட்வான்ஸ் ரசீதில் உள்ள நம்பர்களையும் ஒத்துப் பார்ப்போம். ஒரு பக்கம் +91 இருக்கும், மறுபக்கம் இருக்காது. கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் சரியாகிவிடும். ஃபார்ம் நிரப்பியது மனைவி, ரசீது கணவர் பெயரில் என்றால் நம்பர் ஒட்டாது. அங்கே கிச்சன் போடும் வீட்டு முகவரிதான் கைகொடுக்கும்.

மெட்டாவும் கூகுளும் சொல்லும் எண்ணையே எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். இன்ஸ்டாகிராமில் விளம்பரத்தைத் தட்டிப் பார்த்தவர், இரண்டு நாள் கழித்துக் கூகுளில் கடை பெயரைத் தேடி, அங்கே வரும் விளம்பரம் வழியாகக் கூப்பிடுகிறார். அந்த ஒரே ஆளை இரண்டு பேரும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். இரண்டையும் கூட்டினால் பில் புக்கைவிட அதிகம் வரும். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் 'அழைப்புகள்' என்று வருவதும் பட்டனை அழுத்திய கணக்குதான். பேசினார்களா என்று அதற்குத் தெரியாது.

ஒரு மாதத்தை அப்படியே சொல்கிறேன். விளம்பரத்துக்கு 60,000, என் கூலி 25,000, ஆக 85,000 ரூபாய். ஜிஎஸ்டியை அவர் இன்புட் கிரெடிட்டில் எடுத்துக்கொள்வதால் சேர்க்கவில்லை. விசாரித்தவர்கள் 142 பேர். அளவெடுக்கப் போனது 19 வீடு. ஆர்டர் 5. ஒரு ஆர்டர் சராசரி 2,10,000. சரக்கு, ஆள் கூலி, ஃபிட்டிங் எல்லாம் போக நூற்றுக்கு 22 நிற்கும் என்பது அவர் சொன்ன கணக்கு. ஐந்துக்கும் சேர்த்து 2,31,000. என் செலவு போனால் 1,46,000.

அதைக் காட்டியதும் அவர் பேனாவை எடுத்தார். "இந்த ரெண்டு பேரும் என் பழைய கஸ்டமர் சொல்லி வந்தவங்க." நான் வாதாடவில்லை. விளம்பரம் பார்த்ததால்தான் நம்பினார்களா, சொந்தக்காரர் சொன்னதாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த இரண்டையும் 'சந்தேகம்' என்று தனி வரியில் இறக்கிவிட்டேன். மூன்று ஆர்டருக்கு 1,38,600. செலவு போக 53,600. சின்ன எண்தான். ஆனால் அவர் அதை நம்பினார்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கிச்சனுக்கு விசாரித்தவர் அட்வான்ஸ் கொடுக்க ஒன்று, ஒன்றரை மாதம் ஆகும். அதனால் ஆர்டரை அது வந்த மாதத்தில் எழுதாமல், அவர் முதலில் விசாரித்த மாதத்தில் எழுதுகிறோம். மேலே சொன்ன கணக்கு முடிவானதே இரண்டு மாதம் கழித்துத்தான். ஆடியை ஆனியோடு ஒப்பிடவும் மாட்டேன். ஆடியில் புது வீடு குடி போகிறவர்கள் குறைவு, ஆவணியில் சட்டென்று ஏறும். போன வருட ஆடியைப் பக்கத்தில் வைத்தால்தான் அர்த்தம். மூன்று ஆர்டர் ஐந்தானால் துள்ளவும் வேண்டாம். இவ்வளவு சின்ன எண்ணில் மூன்று மாதம் சேர்த்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

அப்புறம், பில் புக்கிலிருந்து பின்னோக்கிப் போனால் ஒரு இடத்தில் குட்டு உடையும். 142 பேரில் 45 பேரிடம் பேசவே இல்லை. ஏன் என்று பார்க்க, ஃபார்ம் வந்த நேரத்தையும் கடையிலிருந்து முதல் போன் போன நேரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினேன். சனிக்கிழமை சாயங்காலம் வந்தவர்களைத் திங்கள் மத்தியானம் கூப்பிட்டிருக்கிறார்கள். போன் பார்ப்பது அவருடைய மச்சினன். அதை ரிப்போர்ட்டில் போடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். பெயர் போடாமல் மணிக்கணக்கை மட்டும் போட்டேன்.

படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை போனை அவரே வைத்துக்கொள்கிறார். 'சந்தேகம்' வரியில் இருந்த இரண்டில் ஒன்றை, அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டுவிட்டு, போன மாதம் அவரே மேலே ஏற்றி எழுதினார்.