இறக்கத்தில் 90-ஐத் தாண்டும் லாரி

"ஐரோப்பிய லாரியில் வேகத்தையும் ஓட்டிய நேரத்தையும் பதியும் டாக்கோகிராஃப் மணிக்கு 90 கி.மீ.-க்கு மேல் காட்டினால், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கெடுத்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம்."

அப்படி முடிவுகட்டுவது ஓட்டுநருக்கு அநீதி. 90-ஐ எட்டியதும் அந்தக் கருவி எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருளைத்தான் குறைக்கிறது, பிரேக் பிடிப்பதில்லை. ஆகவே 40 டன் வண்டி நீண்ட இறக்கத்தில் தன் எடையாலேயே 95-ஐத் தொடக்கூடும். டிஜிட்டல் டாக்கோகிராஃப், கியர்பெட்டியிலுள்ள உணரி அனுப்பும் துடிப்புகளிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டு, வரம்பு மீறல் ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அதைத் தனி நிகழ்வாகப் பதிகிறது. ஓட்டுநர் டாக்கோகிராஃபில் செருகும் அட்டையில் எல்லாம் இருக்கும் என்று சிலர் சொல்வது பாதி சரி: ஓட்டிய நேரமும் ஓய்வெடுத்த நேரமும் அதில் உண்டு, ஆனால் நொடிவாரியான வேகம் வண்டியிலுள்ள டாக்கோகிராஃபில்தான், அதுவும் வண்டி ஓடிய கடைசி 24 மணி நேரத்துக்கே உறுதியாகக் கிடைக்கும். சமதளத்திலும் 95 நீடித்தால் சந்தேகிக்கலாம். அப்போதும் டயரின் அளவு மாறியதால் அளவீடு பிழைத்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.