முரண்பாடு இல்லை என்று டிக் செய்யும் முன்

“இந்த ஆய்வுக்கு யாரிடமும் பணம் வாங்கவில்லை என்றால், நலன் முரண்பாடு இல்லை என்று டிக் செய்துவிடலாம்.”

ஆய்வுக் கட்டுரை அனுப்பும்போது பலர் இப்படி நினைக்கிறார்கள். மருத்துவ இதழ்கள் பலவும் கேட்கும், மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவான ஐ.சி.எம்.ஜே.இ.யின் படிவத்தின்படி இது சரியல்ல. இந்த ஆய்வுக்குக் கிடைத்த உதவி பற்றியது அதன் முதல் கேள்வி மட்டும்தான். மற்றவை கடந்த 36 மாதங்களைப் பற்றியவை: ஆலோசனைக் கட்டணம், உரைக்கான மதிப்பூதியம், பயணச் செலவு, பங்குகள் என்று போகும்.

கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் இரண்டு வருடம் முன்பு ஒரு கருவி நிறுவனத்தின் செலவில் மாநாட்டுக்குப் போனார் என்று வையுங்கள். இப்போது அதே கருவியைப் பற்றிய கட்டுரை. ஆய்வுக்கு நிதியே இல்லாவிட்டாலும் அந்தப் பயணத்தை அவர் தன் படிவத்தில் எழுத வேண்டும்.

நிதி விவரத்துக்குத் தனிக் கட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்வது சரிதான், ஆனால் அது இந்தப் படிவத்துக்கு மாற்றாகாது. மனைவியின் பங்குகளையும் எழுத வேண்டுமா என்று சந்தேகம் இருந்தால் இதழ் அலுவலகத்துக்கே எழுதிக் கேட்டுவிடுங்கள், இதழுக்கு இதழ் விதி மாறும்.

icmje.org தளத்தில் Disclosure Form கோப்பை இறக்கிப் பாருங்கள். இரண்டாம் கேள்விக்கு மேலே “Time frame: past 36 months” என்றே இருக்கும்.