முருகேசனுக்கு 35, கூட்டுனா 8

கல்ஃப்ல இருக்கிற நம்ம பசங்க நியூமராலஜி பார்க்குறாங்கன்னா உடனே மூடநம்பிக்கைன்னு சிரிக்கிறவங்களோட எனக்கு ஒத்துப்போகல. எங்க ரூம் தம்பி ஒருத்தன் கதைய சொல்றேன், பேரு முருகேசன்னு வச்சுக்கங்க (நெஜப் பேரு வேற, கணக்குக்காக இந்தப் பேரு).

துபாய் அல் கூஸ் கேம்ப். எலெக்ட்ரீஷியன்னு சொல்லி ஊர்ல ஏஜென்ட் ஒன்னேகால் லட்சம் வாங்கிட்டு அனுப்பிவிட்டான், வந்து பார்த்தா ஹெல்பர் வேலை, சம்பளமும் பேசுனத விட கம்மி, வட்டி மட்டும் ஊர்ல கரெக்டா ஓடிட்டு இருக்கு. பாஸ்போர்ட் கம்பெனி கையில. வேலையாட்கள் பாஸ்போர்ட்ட கம்பெனி வச்சுக்கக் கூடாதுன்னுதான் அந்த நாட்டு சட்டமே சொல்லுது, ஆனா எவன் போய் கேக்குறது. இப்படி இருக்கிறவன் கையில மாத்த முடிஞ்ச பொருள்னு என்ன இருக்கு சொல்லுங்க, பேரோட ஸ்பெல்லிங் ஒன்னுதான். அதனால அவன் யூடியூப் பார்த்து ஒரு ஜோசியருக்கு மூவாயிரம் ரூபாய் ஜிபே பண்ணது எனக்கு ஆச்சரியமே இல்ல.

ஜோசியர் வாட்ஸாப்ல கணக்கு போட்டு அனுப்புனாரு. நம்மூர்ல பெரும்பாலும் போடுறது சால்டியன் முறை, M 4, U 6, R 2, இப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர். MURUGESAN கூட்டுனா 35, அதையும் கூட்டுனா 8. எட்டு சனி, "தம்பி உழைப்பு உங்களுது, பலன் அடுத்தவனுக்கு"ன்னு ஒரு வாய்ஸ் நோட். கேட்டுட்டு பையன் அழுதுட்டான், ஏன்னா அது உண்மைதானே, ஹெல்பரா போன எவனுக்கும் அது பொருந்தும். பரிகாரம், ஒரு A ஒரு H சேர்த்து MURUGAESHAN. 41 வரும், கூட்டுனா 5, புதன்.

நான் பேப்பர எடுத்து உக்காந்தேன். ஊர்ல இவன் K. MURUGESAN. அந்த K சேர்த்தா 37, கூட்டுனா 1, அவங்க கணக்குலயே அது ராஜா நம்பர். பாஸ்போர்ட்ல அப்பா பேரு KANDASAMY சர்நேம் இடத்துல இருக்கு, அது தனியா 22, மொத்தம் 57, கூட்டுனா 3. வெள்ளக்காரங்க போடுற பித்தகோரஸ் டேபிள்ல அதே MURUGESAN 38, கடைசியில 2. ஆக ஒரே ஆளு, நாலு கணக்கு, நாலு ராசி. எமிரேட்ஸ் ஐடில அரபியிலயும் பேரு இருக்கு, அதுக்கு எந்த கிரகம்னு கேளுடான்னேன். "அண்ணே, நீங்க நாஸ்திகம் பேசுறீங்க"ன்னுட்டான்.

சரி, நம்புறது அவன் இஷ்டம். எனக்கு கவலை வேற. டெய்லி நோட்டுல புது ஸ்பெல்லிங்க இத்தன தடவ எழுதுன்னு சொல்ற ஜோசியரால பெரிய நஷ்டம் இல்ல, பேனா மைதான் போகும். இவருக்கு அது போதல, "டாக்குமென்ட்ல ஏறினாத்தான் முழு பலன்"னு சொல்லிட்டாரு. அங்கதான் வம்பு. பாஸ்போர்ட்ல ஸ்பெல்லிங் மாத்தணும்னா பேப்பர்ல விளம்பரம், இல்ல கெசட், அப்புறம் தூதரகம் வழியா புது பாஸ்போர்ட். நம்பரும் மாறிடும். அதுக்கப்புறம் விசா, எமிரேட்ஸ் ஐடி, பேங்க், எல்லாத்தையும், விசா பேப்பர் வேலை பார்க்குற கம்பெனி பிஆர்ஓ பின்னாடி அலைஞ்சு மாத்தணும். ஊர்ல ஆதார், பான் கார்டு பழைய ஸ்பெல்லிங்ல நிக்கும். நடுவுல ஒரு எழுத்து இடிச்சாலும் காசு அனுப்புற நேரத்துல பேரு மேட்ச் ஆகலன்னு நிறுத்தி வைப்பான். ஜோசியர் அதுக்கும் சனிதான் காரணம்பாரு.

அவன் பேர்ல எனக்கு ஒரு குறையும் தெரியல, ஏஜென்ட் பேர்லதான் தெரியுது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புறவனுக்கு மத்திய அரசு லைசன்ஸ் இருக்கணும், அரசோட இமைக்ரேட் சைட்ல போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும். சர்வீஸ் சார்ஜும் 30,000 ரூபாய், மேல ஜிஎஸ்டி, அதுக்கு மேல வாங்கக் கூடாது. இவன் ஏஜென்ட்ட தேடிப் பார்த்தோம், லிஸ்ட்லயே இல்ல. கொடுத்த காசுக்கு ரசீதும் இல்ல. வெளிநாட்டுல இருக்கிற இந்தியர்கள் புகார் கொடுக்க மத்திய அரசு வச்சிருக்கிற மதத் போர்ட்டல்ல ஒரு புகார் போட்டு வச்சிருக்கோம், பார்ப்போம்.

பையன் பேரு மாத்துறத பாதி மனசோட நிறுத்தி வச்சிருந்தான். போன வாரம் பொம்பளப்புள்ள பொறந்திருக்கு. ஆஸ்பத்திரியில பிறப்பு சான்றிதழுக்கு அப்பா பேரு எப்படி எழுதணும்னு பொண்டாட்டி போன்ல கேக்குது, இவன் முழிக்கிறான். பாஸ்போர்ட்ல என்ன இருக்கோ அத அப்படியே எழுதச் சொல்லுடா, இல்லன்னா நாளைக்கு புள்ளைக்கு பாஸ்போர்ட் எடுக்கையில நீ அப்பன்னு நிரூபிக்க அலையணும்னு சத்தம் போட்டேன். பழசையே எழுதச் சொன்னான்.

சந்தோஷத்துல வாட்ஸாப் ஸ்டேட்டஸ்ல புள்ள போட்டோ போட்டுட்டான் போல. ஜோசியர்கிட்ட இருந்து மெசேஜ், குழந்தைக்கும் பேரு பார்த்துடலாம், ஃபேமிலி பேக்கேஜ்னா குறைச்சுத் தரேன், நாளைக்கு வரைக்கும்தான் ஆஃபர்னு.